32 பிள்ளைகளைப் பார்த்து ஒரு பிரிவின் தடுப்பூசி நிலையை முடிவு செய்வது எப்படி?

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் எடுக்க வருகிற வியாபாரி மூடையைக் கொட்டி எண்ணுவதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு அள்ளு எடுப்பார். அதில் அழுகல் தன் மனக்கணக்கைத் தாண்டினால் மூடை வேண்டாம், தாண்டாவிட்டால் தராசில் ஏற்று. இந்த மூடையில் எத்தனை வீதம் அழுகல் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அது அவருக்குத் தேவையும் இல்லை. எடுப்பதா விடுவதா என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

லொட் தர உறுதி மாதிரி முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அளவையும் பிழையையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தில் ஹரோல்ட் டொட்ஜ், ஹரி ரொமிக் என்ற இருவர் தொழிற்சாலைப் பொருள்களைச் சோதிக்க இதை வகுத்தார்கள். 1980களில் இது பொதுச் சுகாதாரத்துக்குள் வந்தது. மூடைக்குப் பதில் ஒரு சிறு பிரிவு, அழுகல் வெங்காயத்துக்குப் பதில் ஊசி போடாத பிள்ளை.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது: யாழ்ப்பாணத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பிரிவுகளில், சின்னமுத்தைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டாம் தடவை போதிய அளவு போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பிரிவு பிரிவாகப் பார்ப்பது. முதலாம் ஊசி 9 மாதத்தில், இரண்டாவது 3 வயதில். இந்த ஊசியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. சின்னமுத்து ஒழிந்த நாடு என்று 2019இல் இலங்கை அறிவிக்கப்பட்டது; 2023இல் அது திரும்பி வந்தது. சின்னமுத்தைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 95 வீதப் பாதுகாப்பு வேண்டும். மாவட்டம் முழுவதற்குமான சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு மூலையில் ஓட்டை இருக்கலாம். அந்த மூலையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த முறை.

முதலில் லொட்டைத் தீர்மானியுங்கள்

லொட் என்பது ஏற்பதா நிராகரிப்பதா என்று நீங்கள் தனியாக முடிவு சொல்லப்போகும் அலகு. அந்த முடிவு வந்த பிறகு யாராவது ஒருவர் அங்கே போய் ஏதாவது செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவருடைய பிரிவே பொருத்தமான லொட். கிராம சேவகர் பிரிவையும் எடுக்கலாம். ஆனால் மாவட்டத்தில் 435 கிராம சேவகர் பிரிவுகள் உள்ளன. அத்தனைக்கும் தனித்தனி மாதிரி எடுக்க ஆளும் இல்லை, காலமும் இல்லை.

அடுத்தது வயது. மூன்று வயது முடிந்த மறுநாளே எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட்டிருக்காது. காய்ச்சல் வரும், கிளினிக் நாள் தவறும். ஆறு மாதம் தவணை கொடுங்கள். மூன்றரை வயது நிறைந்து, இன்னும் ஆறு வயது நிறையாத பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இதை வயதாக எழுதாமல் பிறந்த திகதியாக எழுதுங்கள். கணக்கெடுப்புத் திகதி 2025 ஒக்டோபர் 1 என்றால், 2019 ஒக்டோபர் 2 முதல் 2022 ஏப்ரல் 1 வரை பிறந்த பிள்ளைகள். இந்த இரண்டு திகதிகளும் படிவத்தின் மேலே அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். படலையில் நின்று மனக்கணக்குப் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு தவறான பிள்ளை உள்ளே வரும்.

கணக்கெடுப்புத் திகதிக்குப் பிறகு போட்ட ஊசி கணக்கில் வராது. ஆய்வு நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஊசி போடுவார்கள். பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் பிரிவு நேற்றுவரை எப்படி இருந்தது என்ற விடையை அது அழித்துவிடும்.

ஏன் 32, ஏன் 3

இந்த முறையைப் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் சந்திப்பது 19 பேர் திட்டத்தை. 19 பேரில் 13 பேராவது ஊசி போட்டிருந்தால் லொட் தேறும். அது 80 வீதப் பிரிவையும் 50 வீதப் பிரிவையும் பிரித்தறிய அமைக்கப்பட்டது. அந்த வேலையை அது நன்றாகவே செய்யும்: 80 வீதப் பிரிவு நூற்றுக்கு 93 தடவை தேறும், 50 வீதப் பிரிவு 8 தடவைதான் தேறும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து எம்.எம்.ஆர். பார்த்தால், 70 வீதமே உள்ள ஒரு பிரிவு மூன்றில் இரண்டு தடவை தேறிவிடும். சின்னமுத்துக்கு 70 வீதம் என்பது திறந்த படலை. இங்கே கேள்வியே வேறு. 50 வீதப் பிரிவு எதுவும் இங்கே இருக்கப்போவதில்லை. 95 வீதப் பிரிவையும் 80 வீதப் பிரிவையும் பிரிக்க வேண்டும்.

ஆகவே இரண்டு எல்லைகளை நீங்களே முதலில் எழுதி வைக்கிறீர்கள். மேல் எல்லை 95: இவ்வளவு இருந்தால் அந்தப் பிரிவைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. கீழ் எல்லை 80: இவ்வளவுதான் என்றால் கட்டாயம் பிடிபட வேண்டும். பிறகு பிழைக்கான இடம். நல்ல பிரிவைத் தவறாக நிராகரிப்பது ஒரு பிழை. அதில் வீணாவது ஆட்களின் உழைப்பு. மோசமான பிரிவை ஏற்றுக்கொள்வது மற்றப் பிழை. அதில் அகப்படுவது பிள்ளைகள். இரண்டையும் நூற்றுக்குப் பத்துக்குள் வைத்திருக்க விரும்பினால் கிடைக்கும் மிகச் சிறிய திட்டம்: 32 பிள்ளைகள், முடிவு எண் 3. ஊசி போடாதவர்கள் 3 வரை என்றால் ஏற்பு. 4 ஆகிவிட்டால் நிராகரிப்பு.

இதை நம்பச் சொல்லவில்லை, எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=BINOM.DIST(3,32,0.2,TRUE)
=BINOM.DIST(3,32,0.05,TRUE)
```

முதல் வரி 0.093 தரும்: ஊசி போடாதவர்கள் 20 வீதமாக உள்ள பிரிவு தவறித் தேறும் வாய்ப்பு. இரண்டாவது 0.926: ஊசி போடாதவர்கள் 5 வீதமே உள்ள பிரிவு தேறும் வாய்ப்பு. 32ஐ 31 ஆக்கினால் முதல் எண் 0.107 ஆகிப் பத்தைத் தாண்டிவிடும். ஒரு பிள்ளை குறைந்தால் என்ன என்று கேட்பவருக்கு இதைக் காட்டுங்கள்.

இடையில் உள்ள பிரிவுகளுக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள்.

| உண்மையான அடைவு | லொட் தேறும் வாய்ப்பு |
|---|---|
| 95 வீதம் | 93 வீதம் |
| 90 வீதம் | 60 வீதம் |
| 85 வீதம் | 27 வீதம் |
| 80 வீதம் | 9 வீதம் |

90 வீதமுள்ள பிரிவின் விதி காசு சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இது முறையின் குறை அல்ல. சிறிய மாதிரிக்கு நாம் கொடுக்கும் விலை. 80க்கும் 95க்கும் இடையே உள்ள பிரிவுகளைப் பற்றி இந்தத் திட்டம் உறுதியாக எதையும் சொல்ல வரவில்லை. அந்த இடைவெளி உங்களுக்குப் பொறுக்க முடியாததென்றால் எல்லைகளை நெருக்கமாக்குங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை விரைவாக ஏறும்.

லொட் மிகச் சிறியதாக இருந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். மேலே உள்ள கணக்கு, பிரிவில் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதாக எண்ணிப் போட்டது. பிரிவில் மொத்தமே 60 பிள்ளைகள் என்றால், 80 வீதம் என்பது 12 பேர் ஊசி போடாதது, 95 வீதம் என்பது 3 பேர் போடாதது. அப்போது 22 பேர் போதும், முடிவு எண் 2. சரிபார்க்க:

```
=HYPGEOM.DIST(2,22,12,60,TRUE)
```

இது 0.099 தரும். நல்ல பிரிவு தவறாக நிராகரிக்கப்படும் வாய்ப்பு 5 வீதத்துக்கும் குறைவு. பிரிவில் 30, 35 பிள்ளைகள்தான் என்றால் மாதிரியை விட்டுவிட்டு எல்லோரையும் பாருங்கள். நெடுந்தீவு போன்ற இடங்களில் படகுக்குச் செலவழித்துப் போய் அரைவாசிப் பேரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் பொருளில்லை.

பட்டியல்: வேலையின் பாதி இங்கேதான்

குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவேடு இருக்கிறது. அதை வாங்கி, வயதுக்குள் வரும் பிள்ளைகளை எழுதி, 32 பேரைப் பொறுக்கினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். முடிவும் அழகாக வரும். அது பொய்யாகவும் இருக்கலாம். பதிவேட்டில் இல்லாத பிள்ளைதான் பெரும்பாலும் ஊசியும் போடாத பிள்ளை. பதிவேட்டிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் அந்தப் பிள்ளை உங்கள் மாதிரிக்குள் வர வழியே இல்லை.

யாழ்ப்பாணத்தில் யார் விடுபடுவார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கம் வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் ஒரு வருடம் இருப்பவர்கள். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். வலிகாமம் வடக்கில் காணி விடப்பட்ட பிறகு குடியேறியவர்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவிடம் என்ற வீடுகள்.

ஆகவே குறைந்தது மூன்று இடத்திலிருந்து ஒரு பட்டியல் கட்டுங்கள்: குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு, கிராம சேவகரிடம் உள்ள குடும்ப விபரம், முன்பள்ளிகளின் வரவு இடாப்பு. வாக்காளர் இடாப்பு இதற்கு உதவாது. புதிதாக வந்தவர் அதில் இருக்கமாட்டார், லண்டனுக்குப் போனவர் இருப்பார். மூன்றையும் ஒன்றாக்கும்போது ஒரே பிள்ளை இரண்டு தடவை வரும். பெயரை வைத்துப் பிடிக்க முயல வேண்டாம். பதிவேட்டில் முழுப்பெயர், முன்பள்ளியில் வீட்டுப்பெயர் இருக்கும். பிறந்த திகதியையும் தாயின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியல் ஒழுகுகிறதா என்று களத்திலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. தெரிவான ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும், இடப்பக்க வீட்டிலும் வலப்பக்க வீட்டிலும் இந்த வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். அந்தப் பிள்ளையை மாதிரியில் சேர்க்கக் கூடாது; தனித் தாளில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத பிள்ளைகள் தொடர்ந்து அகப்பட்டால் பட்டியலைத் திருத்திவிட்டு மாதிரியைப் புதிதாக எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒழுகும் பட்டியலில் எடுத்த 32க்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

பொறுக்குதல்

பட்டியலில் 150 பேர் என்றால், எக்செல்லில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `=RAND()` இடுங்கள். உடனே அந்த நிரலைப் பிரதி எடுத்து, எண்களாக மட்டும் அதே இடத்தில் ஒட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் வேறெங்காவது ஒரு எழுத்தைத் தட்டும்போதே எல்லா எண்களும் மாறிவிடும். பிறகு எந்த 32 என்று எவராலும் காட்ட முடியாது. எண் வரிசைப்படி அடுக்கி முதல் 32 பேரை எடுங்கள். 33 முதல் 38 வரை உள்ளவர்கள் மாற்று வரிசை. இந்தத் தாளை அச்சடித்துத் திகதியிட்டு வையுங்கள். கணினி இல்லையென்றால் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் குலுக்குவதும் சரியே.

மாற்று வரிசை எதற்கு என்பதில் கண்டிப்பாக இருங்கள். பிள்ளை பிரிவை விட்டே போய்விட்டது, பிறந்த திகதி தவறு, ஒரே பிள்ளை இரண்டு தடவை வந்துவிட்டது என்றால் 33ஆவது பெயர் உள்ளே வரலாம். வீடு பூட்டியிருக்கிறது என்பதற்காக அல்ல. பகலில் பூட்டியிருக்கும் வீடு பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடு. கிளினிக் நாளைத் தவறவிட்டிருக்கக்கூடிய வீடும் அதுவே. பக்கத்து வீட்டில் பிள்ளை இருக்கிறதே என்று அங்கே போனால், ஊசி போட்ட பிள்ளையைத் தேடிப் போனதற்குச் சமம். மூன்று தடவை போங்கள். அதில் ஒரு தடவை மாலை, ஒரு தடவை ஞாயிறு அல்லது போயா தினம். ஐந்து வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரத்தை முதலிலேயே தவிர்த்துவிடலாம்.

படலைக்கு உள்ளே

ஒரு பிரிவை அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் பார்க்கக் கூடாது. சந்தேகத்தால் அல்ல. அவர் முன்னால் "ஊசி போடேல்லை" என்று சொல்லத் தாய்க்கு வராது. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் மாறி மாறிப் பார்க்கட்டும். வழிகாட்ட மட்டும் உள்ளூரவர் கூட வரலாம். ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் போகும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அவர் படலையோடு நிற்க வேண்டும்.

உள்ளே நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்.

"அம்மா, தம்பிக்கு மூண்டு வயசு ஊசி போட்டாச்சோ?"

"எல்லா ஊசியும் போட்டாச்சு பிள்ளை. ஒண்டும் விடேல்லை."

"கிளினிக் கொப்பியை ஒருக்காக் காட்டுவியளே?"

"அது மகள் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுப் போட்டா."

அம்மம்மா பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் இருப்பது ஒன்பது மாத ஊசியாக இருக்கலாம், பதினெட்டு மாத ஊசியாகவும் இருக்கலாம். வாய்ச்சொல்லை எழுதிக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மகள் வேலையால் வரும் நேரத்தைக் கேட்டு அந்த நேரத்துக்கு மறுபடி போங்கள்.

கொப்பியை நீங்களே கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். எம்.எம்.ஆர். இரண்டாவதற்கான வரியில் ஒரு திகதி இருப்பது போதாது. அடுத்து வரவேண்டிய நாளைப் பென்சிலால் அங்கேயே குறித்து வைப்பதுண்டு. அதை ஊசி போட்ட நாள் என்று வாசிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. திகதி பேனாவால் எழுதப்பட்டு, பக்கத்தில் மருந்தின் பட்ச் இலக்கமும் இருந்தால் ஐயமில்லை. பட்ச் இலக்கம் இல்லாவிட்டால் கிளினிக் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். தனியார் மருத்துவமனையில் போட்டவர்களிடம் வேறு அட்டை இருக்கும், போட்ட வயதும் மாறியிருக்கும். கணக்கெடுப்புத் திகதிக்கு முன் இரண்டு ஊசி திகதியோடு இருந்தால் அந்தப் பிள்ளை ஊசி போட்ட பிள்ளையே.

கொப்பியும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றால்? "உறுதியில்லை" என்று தனி நிரலில் எழுதி, முடிவுக்கு ஊசி போடாதவராக எண்ணுங்கள். இந்த விதியை முதல் வீட்டுக்குப் போகுமுன் எழுதி வைத்திருக்க வேண்டும். நான்காவது பிள்ளை அகப்பட்ட பிறகு விதியை யோசிக்கத் தொடங்கினால், எந்தப் பிரிவும் நிராகரிக்கப்படாது.

வேலையை நடுவில் நிறுத்தலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. லொட்டின் முடிவு மட்டும் போதுமென்றால் நிறுத்தலாம்: நான்காவது ஊசி போடாத பிள்ளை கிடைத்தவுடன் நிராகரிப்பு உறுதி, ஊசி போட்ட 29ஆவது பிள்ளை கிடைத்தவுடன் ஏற்பு உறுதி. ஆனால் எல்லா லொட்டையும் சேர்த்துச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு முழுவதிலும் எத்தனை வீதம் பேர் ஊசி போட்டார்கள் என்று கணிக்க எண்ணினால் 32ஐயும் முடியுங்கள். நிறுத்திய லொட்டும் முடித்த லொட்டும் கலந்தால் சராசரி கோணிவிடும்.

ஒரு கணக்கு

ஐந்து குடும்பநல உத்தியோகத்தர் பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

| பிரிவு | பட்டியலில் பிள்ளைகள் | 32இல் ஊசி போடாதவர் | முடிவு |
|---|---|---|---|
| அ | 140 | 1 | ஏற்பு |
| ஆ | 165 | 2 | ஏற்பு |
| இ | 120 | 5 | நிராகரிப்பு |
| ஈ | 180 | 0 | ஏற்பு |
| உ | 95 | 3 | ஏற்பு |

முதலில் செய்யக்கூடாதது: இ பிரிவில் 32க்கு 27, ஆகவே 84 வீதம் என்று அறிக்கையில் எழுதுவது. 32 பேரை வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிவின் உண்மை அடைவு 67 முதல் 95 வீதம் வரை எங்கேயும் இருக்கலாம். பிரிவுக்கு ஒரு சொல்தான் எழுத வேண்டும்: நிராகரிப்பு. அதே போல ஈ பிரிவு நூறு வீதம் என்றும் எழுத முடியாது. யார் முதலாவது, யார் கடைசி என்று பிரிவுகளை வரிசைப்படுத்துவதும் ஆகாது; 1க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம் குலுக்கலிலேயே வரக்கூடியது.

வீதம் வேண்டுமென்றால் ஐந்தையும் சேர்த்தால் கிடைக்கும். 160 பேரில் 149 என்று நேரே வகுத்தால் 93.1 வரும், ஆனால் 95 பிள்ளைகள் உள்ள உவும் 180 பிள்ளைகள் உள்ள ஈயும் ஒரே பாரமாக எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு பிரிவின் விகிதத்தையும் அதன் பிள்ளைத் தொகையால் பெருக்குங்கள்: 135.6, 154.7, 101.3, 180, 86.1. கூட்டினால் 657.7. மொத்தம் 700 பிள்ளைகளால் வகுத்தால் 94.0 வீதம். இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றரை வீதம் தள்ளாட்டம் உண்டு. இந்த எண்ணை அறிக்கையில் போடலாம்.

உ பிரிவு மூன்றோடு தப்பியிருக்கிறது. ஏற்பு என்பது நடவடிக்கை தேவையில்லை என்ற முடிவு, பிரிவு நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் அல்ல. எப்படியானாலும் ஐந்து பிரிவிலும் அகப்பட்ட 11 பிள்ளைகளுக்கும் அடுத்த கிளினிக் திகதி அன்றைக்கே கொடுக்கப்பட வேண்டும்.

நிராகரிக்கப்பட்ட பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரைக் கூட்டத்தில் எழுப்பிக் கேட்பது இந்த முறையைக் கொல்வதற்கான குறுக்கு வழி. அடுத்த தடவை பட்டியலே சுத்தமாக்கப்பட்டு வரும். அது நியாயமும் இல்லை. 95 வீதமுள்ள நல்ல பிரிவுகள் பத்தை இந்தத் திட்டத்தால் பார்த்தால், அவற்றில் ஒன்றாவது தவறாக நிராகரிக்கப்படும் வாய்ப்பு பாதிக்கும் மேல், 54 வீதம்.

நிராகரித்த பிறகு

மறுபடி 32 பேரை எடுத்துப் பார்ப்போம் என்ற யோசனை உடனே வரும். வேண்டாம். இரண்டு தடவை பார்த்து நல்லதை வைத்துக்கொண்டால், போட்ட பிழைக்கணக்கு முழுவதும் போய்விடும். இ பிரிவில் 120 பிள்ளைகள்தான். 32 பேரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மிச்சம் 88 பேரின் கொப்பியையும் பாருங்கள். அதன் பிறகு அங்கே ஊகம் தேவையில்லை, ஊசி போடாதவர்களின் பெயரே கையில் இருக்கும்.

அதற்குமுன் அந்த ஐந்து பிள்ளைகளின் முகவரியை வரைபடத்தில் குறியுங்கள். ஐவரும் பிரிவு முழுக்கச் சிதறியிருந்தால் கிளினிக் நாள், நேரம், தூரம், மழைக்காலம் போன்ற பொதுக் காரணத்தைத் தேடலாம். ஐவரில் மூவர் ஒரே குச்சொழுங்கையில், வாடகை வீடுகளில் என்றால் விஷயம் வேறு. அப்போது பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிய அந்தத் தனித் தாளை எடுங்கள். பட்டியலில் இல்லாமல் அகப்பட்ட பிள்ளைகளும் அதே ஒழுங்கையைக் காட்டினால், நீங்கள் தேடுவது ஊசி தவறியவர்களை அல்ல, பதிவேட்டுக்குள்ளேயே வராதவர்களை. 88 பேரின் பட்டியலோடு போவதால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். அந்த ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

ஏற்கப்பட்ட பிரிவிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒன்றாக வெந்த சோற்றுக்கு. 150 பிள்ளைகள் உள்ள பிரிவில் ஒரு கரையோரக் குடியிருப்பில் மட்டும் 15 பேர் ஊசி போடாமல் இருந்தால், மொத்த அடைவு 90 வீதம். மேலே உள்ள அட்டவணைப்படி அது பத்துக்கு ஆறு தடவை தேறிவிடும். அந்தக் குடியிருப்புக்குள் சின்னமுத்து வந்தால் அந்தப் பதினைந்து பேரையும் ஒரு சுற்றில் பிடிக்கும். இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று உள்ளூரில் யாருக்காவது முன்பே தெரிந்திருக்கும். பட்டியல் கட்டும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு, அந்த இடத்தைப் பிரிவிலிருந்து பிரித்துத் தனி லொட்டாக்குங்கள். அங்கே பிள்ளைகள் இருபது முப்பதுதான் இருப்பார்கள். அவர்களுக்கு மாதிரியும் வேண்டாம், முடிவு எண்ணும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாக் கொப்பியையும் பார்த்துவிடலாம்.